கைவர்க்கச் சோதனையில் எந்தக் கலம் முடிவைத் தீர்மானிக்கிறது? SPSS ஒரு விடை சொல்கிறது, R வேறொரு விடை சொல்கிறது

கௌசல்யா (வினா)

இளமாணி ஆய்வுக் கட்டுரைக்காகக் கொழும்பின் மூன்று பகுதிகளில் 300 பேரிடம், வேலைக்குச் செல்ல முதன்மையாக எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டேன். கிடைத்த அட்டவணை இது.

| பகுதி | பேருந்து | புகையிரதம் | முச்சக்கர வண்டி | மொத்தம் |
|---|---|---|---|---|
| வெள்ளவத்தை | 60 | 36 | 24 | 120 |
| கொட்டாஞ்சேனை | 68 | 8 | 24 | 100 |
| தெமட்டகொட | 52 | 16 | 12 | 80 |

கைவர்க்கப் பெறுமானம் 18.4, `df` 4, `p` ஏறத்தாழ 0.001. இதுவரை சிக்கல் இல்லை. எந்தக் கலங்களால் இந்த முடிவு வந்தது என்று காட்டும்படி மேற்பார்வையாளர் கேட்டதால், SPSS இல் `Standardized` என்ற தெரிவை இட்டேன். வெள்ளவத்தை புகையிரதம் 2.45, கொட்டாஞ்சேனை புகையிரதம் −2.68 ஆகிய இரண்டு மட்டுமே 1.96 ஐத் தாண்டின. வெள்ளவத்தை பேருந்து −1.41 என்று வந்தமையால் அதை விட்டுவிட்டேன். அதே அட்டவணையை R இல் இட்டு `stdres` எடுத்த என் தோழிக்கோ அந்தக் கலம் −2.89 என்று வருகிறது. இரண்டுமே நியமமாக்கிய எச்சம் என்றே பெயர் சொல்கின்றன. எண்களைத் தவறாக உள்ளிட்டோமா என்று இருவரும் மூன்று முறை சரிபார்த்துவிட்டோம். எதை எழுதுவது?

ரமணன்

SPSS தந்ததே சரி, தங்கை. ஒவ்வொரு எச்சத்தையும் வர்க்கித்துக் கூட்டிப் பாருங்கள், 18.4 அப்படியே வரும். வெள்ளவத்தை புகையிரதம் 6, கொட்டாஞ்சேனை புகையிரதம் 7.2, இரண்டும் சேர்ந்து 13.2, அதாவது மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. R தந்த எண்களை வர்க்கித்துக் கூட்டினால் 18.4 வராது. கூட்டினால் மொத்தம் வராத ஒன்றை அந்த மொத்தத்தின் பங்கு என்று எப்படிச் சொல்வது? ஆகவே 1.96 ஐத் தாண்டிய அந்த இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

பாஹிமா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சிக்கல்தான் என்று நினைக்கிறேன். ஆண், பெண் இரண்டு வரிசை. ஆம், இல்லை இரண்டு நிரல். `Adjusted Residual` எடுத்தால் நான்கு கலங்களிலும் 2.3, −2.3, −2.3, 2.3 என்று ஒரே எண் குறி மாறி வருகிறது. மென்பொருள் பழுதா? எந்தக் கலம் காரணம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவநேசன்

கௌசல்யா, நீங்கள் இருவரும் எண்களைச் சரியாகவே உள்ளிட்டிருக்கிறீர்கள். சிக்கல் பெயரில் இருக்கிறது. SPSS `Std. Residual` என்று காட்டுவதை R வெறுமனே `residuals` என்கிறது. R `stdres` என்பதை SPSS `Adjusted Residual` என்கிறது. ஒரே பெயர் இரு மென்பொருள்களில் இரு வேறு பொருள்களுக்கு ஒட்டப்பட்டிருப்பதால் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதே குழியில் விழுகிறார். R இல் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

```r
x <- matrix(c(60,36,24, 68,8,24, 52,16,12), nrow=3, byrow=TRUE)
k <- chisq.test(x)
round(k$residuals, 2)
round(k$stdres, 2)
```

முதலாவதில் SPSS தந்த −1.41 உம் இரண்டாவதில் தோழியின் −2.89 உம் கிடைக்கும். SPSS இல் `Cells` பெட்டியைத் திறந்து `Adjusted standardized` ஐத் தெரிவுசெய்தால் அங்கும் −2.9 வரும்.

ரமணன் சொன்னதில் முதற்பாதி சரி. வர்க்கித்துக் கூட்டினால் கைவர்க்கப் பெறுமானம் வருவது முதலாவது வகை மட்டுமே, எனவே எந்தக் கலம் எவ்வளவு பங்களித்தது என்று சொல்ல அதுவே உரியது. ஆனால் அந்த எண்ணை 1.96 உடன் ஒப்பிடுவதுதான் பிழை. 1.96 என்ற எல்லை, நியம விலகல் 1 ஆக உள்ள எண்ணுக்கு உரியது. தொடர்பே இல்லாத அட்டவணையில் கைவர்க்கப் பெறுமானம் சராசரியாக `df` அளவுக்கு, இங்கே 4 அளவுக்கு வரும். அந்த நான்கை ஒன்பது கலங்கள் பகிர்ந்துகொள்கின்றன என்றால், ஒரு கலத்தின் வர்க்கம் சராசரியாக 0.44 தான், 1 அல்ல. வரிசை மொத்தங்களையும் நிரல் மொத்தங்களையும் தரவிலிருந்தே எடுத்து எதிர்பார்த்த எண்ணிக்கையைக் கணித்ததால் கலங்களுக்கு அசைய இடம் குறைந்துவிட்டது. ஆகவே அந்த எண்களை 1.96 உடன் ஒப்பிட்டால் உண்மையான விலகல்களையும் தவறவிடுவோம்.

எவ்வளவு குறைந்தது என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும். வெள்ளவத்தை உங்கள் மாதிரியில் 0.4 பங்கு, பேருந்து 0.6 பங்கு. எஞ்சும் பங்குகளான 0.6 ஐயும் 0.4 ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.49. அந்தக் கலத்தின் எச்சத்துக்கு இயல்பான நியம விலகல் அவ்வளவுதான். −1.41 ஐ 0.49 ஆல் வகுத்தால் −2.89. பேருந்து நிரலில் அறுபது வீதமானோர் குவிந்திருப்பதால்தான் அங்கே வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. புகையிரதக் கலங்களில் 2.45 என்பது 3.54 ஆகவும், −2.68 என்பது −3.67 ஆகவும்தான் மாறுகின்றன. ஹேபர்மன் 1973 இல் எழுதிய திருத்தம் இதுவே.

பாஹிமா, உங்களுடையது வேறு வினா. மென்பொருளில் பழுதில்லை. மொத்தங்கள் நிலையாக இருக்கும்போது இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஒரு கலம் தெரிந்தால் மற்ற மூன்றும் தாமாகவே தீர்மானமாகிவிடும். அங்கே நான்கு செய்திகள் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. 2.3 ஐ வர்க்கித்தால் உங்கள் `Pearson Chi-Square` வரியின் எண், வட்டமாக்கலை விட்டுவிட்டால், கிடைக்கும். `Continuity Correction` வரியோடு ஒப்பிட வேண்டாம். எந்தக் கலம் என்று தேடாமல் இரண்டு வீதங்களையும் எழுதிவிடுங்கள்.

ரமணன்

அந்த 0.44 கணக்கு எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீராக்கிய எச்சத்தை எடுத்தால் கொட்டாஞ்சேனை பேருந்தும் சரியாக 2.00 என்று 1.96 ஐத் தாண்டுகிறதே? இப்போது இரண்டு கலங்கள் நான்காகிவிட்டன. எல்லாவற்றையும் எழுதுவதா?

சிவநேசன்

ஒன்பது கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது. 0.05 ஐ ஒன்பதால் வகுத்து எல்லையைக் கண்டால் அது 2.77 ஆகிறது. 2.00 விழுந்துவிடும், −2.89 மயிரிழையில் நிற்கும். கலங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் இந்த வகுத்தல் தேவைக்கு மேல் கடுமையானது என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அதில் பெரிய பிடிவாதம் இல்லை. எந்த எல்லையை எடுத்தீர்கள் என்பதை எண்களைப் பார்க்குமுன் தீர்மானித்து எழுதினால் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நியமமாக்காத வித்தியாசத்தைப் பாருங்கள். வெள்ளவத்தையில் எதிர்பார்த்த எண்ணிக்கைகள் 72, 24, 24. கிடைத்தவை 60, 36, 24. பேருந்தில் பன்னிரண்டு பேர் குறைவு, புகையிரதத்தில் அதே பன்னிரண்டு பேர் கூட. வரிசையின் கூட்டுத்தொகை பூச்சியமாக இருக்க வேண்டும் என்பதால், ஓரிடத்தில் கூடினால் இன்னோரிடத்தில் குறைந்தே தீரும். அப்படியானால் பேருந்துக் கலத்தின் −2.89 தனியான ஒரு கண்டுபிடிப்பா, புகையிரதத்தின் நிழலா?

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. புகையிரத நிரலை எடுத்துவிட்டு, எஞ்சிய 240 பேருக்கு மட்டும் பேருந்து, முச்சக்கர வண்டி ஆகிய இரண்டையும் வைத்து மீண்டும் கணியுங்கள்.

```r
chisq.test(x[, c(1,3)])
```

பெறுமானம் 1.96, `df` 2, `p` ஏறத்தாழ 0.37. (இந்த 1.96 அந்த எல்லையோடு தற்செயலாக ஒத்துவந்த எண், குழம்ப வேண்டாம்.) புகையிரதத்தில் செல்லாதவர்களிடையே பகுதிக்குப் பகுதி வேறுபாடு இருப்பதற்கான சான்று உங்கள் தரவில் இல்லை. மறுபுறம் புகையிரதம், புகையிரதம் அல்லாதது என்று இரண்டு நிரல்களாகச் சுருக்கினால் 16.5, `df` 2. இரண்டையும் கூட்டினால் 18.46; 18.4 உடன் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. சிறு வித்தியாசம் ஏனெனில் பியர்சன் பெறுமானம் இப்படிப் பிரிக்கும்போது துல்லியமாகக் கூடாது. `Likelihood Ratio` எடுத்தால் அது துல்லியமாகக் கூடும். ஆகவே உங்கள் 18.4 இன் கதை ஏறத்தாழ முழுவதும் புகையிரதத்தின் கதைதான். வெள்ளவத்தையில் கரையோரப் பாதையின் நிலையம் இருக்கிறது, கொட்டாஞ்சேனையில் நிலையமே இல்லை. தெமட்டகொடவிலும் நிலையம் உண்டு என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் அங்கே எச்சம் சரியாகப் பூச்சியம். நிலையம் இருப்பது மட்டுமே விளக்கம் என்றால் அது அப்படி வந்திருக்கக்கூடாது.

கௌசல்யா

மிக்க நன்றி, ஐயா. இரண்டாவது சோதனையை நானும் செய்து பார்த்தேன், 1.96 உம் 0.37 உம் அப்படியே வந்தன. ஆனால் ஒன்றை வினாவில் எழுதாமல் விட்டுவிட்டேன். முதலில் 311 படிவங்கள் இருந்தன; பேருந்து, புகையிரதம் இரண்டிலும் அடையாளமிட்ட 11 பேரை நானே நீக்கினேன். அவர்களில் 7 பேர் வெள்ளவத்தையினர், 3 பேர் தெமட்டகொடவினர், ஒருவர் கொட்டாஞ்சேனையினர்.

சிவநேசன்

நீக்கியது சரியல்ல, குறிப்பாக அவர்களில் பெரும்பாலோர் ஒரே பகுதியினராக இருக்கையில். இரண்டிலும் ஒரே ஆளை எண்ணுவதும் கூடாது. ஓர் ஆள் ஒரு கலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதன் மேல்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. 11 பேரையும் ஒருமுறை பேருந்திலும் ஒருமுறை புகையிரதத்திலும் வைத்து, சீராக்கிய எச்சங்கள் எவ்வளவு அசைகின்றன என்று பாருங்கள்.

கௌசல்யா

பார்த்துவிட்டேன். வெள்ளவத்தை புகையிரதம் முதல் முறையில் 3.36, இரண்டாம் முறையில் 3.85. கொட்டாஞ்சேனை புகையிரதம் −3.52, −4.06. இவை இரண்டும் எப்படி வைத்தாலும் 2.77 ஐத் தாண்டுகின்றன. வெள்ளவத்தை பேருந்துதான் −2.61 இலிருந்து −3.16 வரை அலைகிறது; ஒருமுறை எல்லைக்கு உள்ளே, ஒருமுறை வெளியே.

ரமணன்

அப்படியென்றால் பேருந்தைப் பற்றிய வாக்கியத்தையே வெட்டிவிடலாமே.

கௌசல்யா

வெட்டினால், பேருந்துக் குறைவைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று மேற்பார்வையாளர் நிச்சயம் கேட்பார். இப்போதைக்கு இரண்டு எண்களையும் போட்டு, புகையிரத நிரலை நீக்கிய சோதனையை அடுத்த வரியில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை சந்திப்பு; அவர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.