கிரையப் பத்திரத்தில் பரப்பளவு தப்பு, "கண்டுக்காம திருத்திப் போடுங்க" என்கிறார் கஸ்டமர்: என்ன செய்வது?

கோபி_மொழி
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்து கஸ்டமர் ஒருத்தர் 1991ஆம் வருசத்துக் கிரையப் பத்திரத்தை ஆங்கிலத்துல கேட்டிருக்கார். லண்டன்ல இருக்கற மகளைப் பாக்கப் போறதுக்கு, விசிட் விசா. சொத்து விவரத்துல "புஞ்சை ஏக்கர் 2.40, ஹெக்டேர் 0.79.0" என்று இருக்கு. கணக்குப் போட்டுப் பாத்தா ஒத்து வரல. சொன்னதுக்கு, "அது எழுத்தர் மாத்திப் போட்டதுங்க, 0.97 தான். இங்கிலீஷ்ல சரியாப் போட்டுருங்க, குறிப்பு எல்லாம் வேண்டாம், ஆபீசருக்குச் சந்தேகம் வந்துரும்" என்கிறார். மொழிபெயர்ப்புச் சான்றுல என் கையெழுத்து வருது. என்ன செய்யட்டுமுங்க?

திருப்பூர்_நூல்
இதுக்கெல்லாமா யோசிக்கறது? நான் பனியன் கம்பெனிகளுக்குப் பண்றேன். வாஷ்கேர் வாசகத்துல, பேக்கிங் குறிப்புல தப்பு இருந்தா ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு சரி பண்ணிருவேன். அவிய சரக்கு, அவிய வாசகம். கஸ்டமரே சொல்லும்போது போடறதுதானுங்க.

ஈரோடு_பத்திரம்
திருப்பூர் தம்பி சொல்றது அவர் வேலைக்குச் சரி. கம்பெனி குறிப்பை எழுதினவங்களே மாத்தச் சொல்றாங்க, மூலத்தையும் மாத்திக்கலாம். இது பதிவான பத்திரம். எழுதிக் கொடுத்தவர், வாங்கினவர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சார்பதிவாளர் பதிஞ்சது. உங்க கஸ்டமர் ஒருத்தர் சொன்னா அதுல ஒரு எழுத்தும் மாறாது.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்ணு இருக்குதுங் கண்ணு. எது தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஏக்கர்ங்கறது 0.4047 ஹெக்டேர். 2.40 ஏக்கர்னா 0.97 வருது, சரி. அதே 0.79 ஹெக்டேரைத் திருப்பிப் போடுங்க, 1.95 ஏக்கர் வரும். 45 சென்ட் வித்தியாசம். எண் இடம் மாறியிருக்கலாம்னு தோணுது. ஆனா ஏக்கர்ல சொல்லிப் பழகின சனம், வருவாய்த்துறை கணக்கோ ஹெக்டேர்ல. எழுதறவர் பட்டாவைப் பாத்து ஹெக்டேரைச் சரியா எழுதிட்டு, ஏக்கரைப் பழைய பத்திரத்துல இருந்து எடுத்திருந்தா? முரண் இருக்குன்னு மட்டும்தான் பத்திரம் நமக்குச் சொல்லுது. எது நிசம்னு சொல்லல.

செய்ய வேண்டியது இதுதான். ரெண்டு எண்ணையும் மூலத்துல இருக்கறபடியே போடுங்க. பக்கத்துலயே சதுர அடைப்புக்குள்ள "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: இரு அளவுகளும் மூலத்தில் உள்ளபடி" என்று ஒரே வரி. பிரிட்டன் விசாவுக்கு மொழிபெயர்ப்பு மூலத்துக்குத் துல்லியமானதுன்னு நீங்க உறுதி சொல்லி, தேதி, முழுப்பேர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் கொடுக்கறீங்க. மூல நகலும் கூடவே போகுது. எண் தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ஒண்ணுதான், படிக்கத் தமிழ் தெரியணும்னு இல்ல. ஒரு பக்கம் 0.79, மறுபக்கம் 0.97 இருந்தாத்தான் சந்தேகம் வரும்.

பொள்ளாச்சி_அம்மணி
எனக்கும் இதே பிரச்சினைதானுங்க! பத்திரத்துல அப்பா பேர் முத்துச்சாமி, பாஸ்போர்ட்ல MUTHUSAMY. மொழிபெயர்க்கறவங்க MUTHUCHAMY என்று போட்டுட்டாங்க. மாத்தச் சொன்னா தப்பா?

ஈரோடு_பத்திரம்
தப்பில்லீங்க அம்மணி, இது வேற. தமிழ்ப் பேரை ஆங்கிலத்துல எப்படி எழுதறதுங்கறது மொழிபெயர்ப்பாளர் கையில இருக்கற விசயம். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி போடச் சொல்லலாம். பத்திரத்துல வேற ஆள் பேரே இருந்தாத்தான் மாத்தக் கூடாது.

கோபி_மொழி
நன்றிங்க. கஸ்டமர் eservices.tn.gov.in-ல பட்டா எடுத்து அனுப்பிட்டார். அதுல 0.97.0 தான் இருக்கு. இப்பவாச்சும் மாத்தலாமுங்களா?

ஈரோடு_பத்திரம்
அப்பவும் வேண்டாமுங்க. பட்டா தனி ஆவணம். அதையும் மொழிபெயர்த்து கூடச் சேத்து வைக்கச் சொல்லுங்க, அவருக்கு வேண்டிய 0.97 அங்கயே முறையா வந்துரும். பத்திரத்தையே சரி பண்ணணும்னா பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதியணும், வித்தவரும் கையெழுத்துப் போடணும். அவர் இல்லைன்னா வாரிசுகள். ஒத்துக்கலைன்னா நீதிமன்றம்தான், 1963ஆம் வருசத்துக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 26ஆம் பிரிவுல வழி இருக்கு. விசாவுக்கு இப்ப அவசரமில்ல. ஆனா பின்னால நிலத்தை விக்கும்போது இந்த 45 சென்ட் கண்டிப்பா எந்திரிச்சு வரும்னு சொல்லி வையுங்க. வாட்ஸப்லயே எழுத்துல சொல்லுங்க, போன்ல வேண்டாம்.

கரூர்_சட்டம்
ஒத்துக்கறேனுங்க. ஆனா குறிப்புல "2.40 ஏக்கர் சுமார் 0.97 ஹெக்டேர்" என்று கணக்கையும் சேத்தா ஆபீசருக்கு உதவியா இருக்குமே?

ஈரோடு_பத்திரம்
நான் சேக்க மாட்டேனுங்க. அப்படி எழுதினா ஏக்கர் சரி, ஹெக்டேர் தப்புன்னு நாமளே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகுது.

கரூர்_சட்டம்
கணக்குல என்னங்க தீர்ப்பு? ரெண்டு பக்கமும் மாத்திக் காட்டிட்டா நடுநிலைதானே. நான் அப்படித்தான் போடறேன், இதுவரைக்கும் யாரும் திருப்பி அனுப்பல.

கோபி_மொழி
கணக்கு இல்லாம ஒரு வரிக் குறிப்பு மட்டும் போட்டு, பட்டாவையும் சேத்துத் தர்றேன்னு எழுதி அனுப்பிட்டேனுங்க. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வேற ஆள்கிட்டப் போனாலும் போகட்டும், 0.97 போட்டு நான் கையெழுத்துப் போடறதா இல்ல.