கையுறைப் பங்கு டிஃபென்சிவா? 2020-ஐக் காட்டி ஊரை ஏமாற்றாதீர்கள்

செந்தூல்_குமரன்

“பொருளாதாரம் மந்தமானால் பயம் வேண்டாம். கையுறைப் பங்கை வாங்கிப் போடுங்கள். மருத்துவத் துறை, சுத்தமான டிஃபென்சிவ், மந்தத்திலும் விழாத வகை. 2020-ல் எல்லாம் விழுந்தபோது அது ஏறியதைப் பார்த்தீர்கள்தானே?” – பாயான்_பாரு_முத்து, நேற்று.

இதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இங்கே ஓய்வுக்காகச் சேர்த்த காசை வைத்துக்கொண்டு வழி தேடுபவர்கள் பாதிப்பேர். அவர்களிடம் போய்க் கையுறை செய்யும் டாப் குளோவும் மைலோ விற்கும் நெஸ்லேயும் ஒரே வகை என்று சொல்லலாமா? டாப் குளோவ் 2021 நிதியாண்டில் 7 பில்லியன் வெள்ளிக்கு மேல் லாபம் காட்டியது. 2023-ல் 900 மில்லியனுக்கு மேல் நட்டம். இரண்டே வருடத்தில் இப்படிக் கவிழ்வதற்குப் பெயர் டிஃபென்சிவா, முத்து அண்ணே?

பாயான்_பாரு_முத்து

தம்பி, நான் சொன்னது மந்தத்தில் எப்படி நடக்கும் என்று. நீங்கள் மந்தம் முடிந்த பிறகு நடந்ததைச் சொல்கிறீர்கள். 2020-ல் நாட்டின் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அந்த வருடம் கையுறை ஏறியது. ஏறியதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_வசந்தா

ஏறியது. அதே 2020-ல் உங்கள் பாயான் லெப்பாஸ் பக்கத்துச் சிப் பங்குகளும் ஏறின, இனாரி, விட்ரோக்ஸ் எல்லாம். அவையும் டிஃபென்சிவா? சிப் தொழிலைவிட ஏறி இறங்கும் சுழற்சித் தொழிலை இந்தப் புர்சாவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடத்து விலையை வைத்துப் பங்குக்குக் குணம் சொல்ல முடியாது.

டிஃபென்சிவ் என்று சொல்லிக்கொள்ளும் பியர் கம்பெனியைப் பாருங்கள். ஹைனெக்கன் மலேசியாவின் லாபம் 2019-ல் 313 மில்லியன். 2020-ல் 154 மில்லியன், ஏறக்குறைய பாதி. ஆள்கள் பியரை வெறுத்தா விட்டார்கள்? எம்சிஓ ஊரடங்கில் ஆலையை மூடச் சொன்னார்கள், கடையும் மூடியிருந்தது. வியாபாரம் போனது அரசாங்க உத்தரவால், வருமானம் குறைந்ததால் அல்ல. நோய் வந்து பூட்டிய வருடத்தை வைத்துச் சாதாரண மந்தத்தை அளந்தால் கையுறை வீரனாகவும் பியர் கோழையாகவும்தான் தெரியும்.

சாதாரண மந்தம் வேண்டுமென்றால் 2009-க்குப் போங்கள். அமெரிக்காவில் வங்கிகள் ஆட்டம் கண்டன, நம் ஏற்றுமதி விழுந்தது, நாட்டின் உற்பத்தி 1.5 விழுக்காடு சுருங்கியது. நெஸ்லே மலேசியாவின் லாபம் அந்த வருடமும் குறையவில்லை. காலையில் மைலோ கலக்குகிறவர் போனஸ் வரவில்லை என்று அதை நிறுத்தவில்லை, காரை மாற்றுவதைத்தான் தள்ளிப்போட்டார்.

பாயான்_பாரு_முத்து

2009-க்கு நீங்களே வந்துவிட்டீர்கள், நன்றி. அந்த வருடம் டாப் குளோவ் லாபம் முந்தைய வருடத்தைவிட ஒன்றரை மடங்கு. வசந்தாம்மா, அதை மட்டும் ஏன் விட்டீர்கள்? 2009-லும் ஏறியது, 2020-லும் ஏறியது. இரண்டு மந்தம், இரண்டு தடவையும் ஏற்றம். முப்பது வருடம் தொழிற்சாலையில் இருந்தவன் நான். எண்ணைப் பார்த்துத்தான் பேசுவேன்.

செந்தூல்_குமரன்

எண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்தான் போன வருடம் பழைய வாட்ஸ்அப் குழுவில் செம்பனைத் தோட்டப் பங்கை “சாப்பாட்டு எண்ணெய், அதனால் டிஃபென்சிவ்” என்று எழுதினார். 2008 மார்ச்சில் டன்னுக்கு 4,000 வெள்ளிக்கு மேல் இருந்த செம்பனை எண்ணெய், அதே வருடக் கடைசியில் 1,500 பக்கம் வந்தது. மக்கள் பொரித்துச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை, விலைதான் விழுந்தது. அப்போதும் பதில் வரவில்லை, என்னை மட்டும் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

பாயான்_பாரு_முத்து

உங்களை நீக்கியது நான் இல்லை. அட்மினைக் கேளுங்கள். பழைய குப்பையை இங்கே கிளற வேண்டாம்.

ஜெலுத்தோங்_மணி

அண்ணே, அக்கா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2021 தொடக்கத்தில் ஐ-சினாரில் இபிஎஃப் காசை எடுத்து ஒரு கையுறைப் பங்கு வாங்கினேன். ரெமிசியர் “ஆஸ்பத்திரி இருக்கும்வரை இது இருக்கும்” என்றார். 2022 முடிவதற்குள் போட்டதில் பெரும்பகுதி போய்விட்டது. இன்னும் விற்கவில்லை. நாடு மந்தமானால் இது திரும்ப ஏறுமா? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_வசந்தா

மணி, உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மந்தத்தில் கையுறைக்குத் தேவை குறைவதில்லை. முத்து அதுவரை சொல்வது சரி. பல் மருத்துவர் மந்தம் என்று கையுறையைக் கழுவி மறுபடி போடுவதில்லை. ஆனால் கம்பெனியின் லாபம் எத்தனை கையுறை விற்றது என்பதில் மட்டும் இல்லை. ஆயிரம் கையுறையை என்ன விலைக்கு விற்றது, செய்ய என்ன செலவானது, அந்த இடைவெளிதான் எல்லாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எளிமைக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். ஆயிரம் கையுறை 25 டாலர், செலவு 21, லாபம் 4. தொற்று வந்து விலை 100-க்குப் போகிறது, மூலப்பொருளும் ஏறிச் செலவு 40 ஆகிறது, லாபம் 60. பதினைந்து மடங்கு. இதைப் பார்த்து மலேசியாவிலும் சீனாவிலும் எல்லோரும் புது லைன் போடுகிறார்கள். லைன் ஓடத் தொடங்கும்போது மருத்துவமனைக் கிடங்குகள் நிரம்பிக் கிடக்கின்றன. விலை 20-க்கு வருகிறது, செலவு 21. கையுறை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது, ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 1 டாலர் நட்டம். அதற்கு மேல் பாதி லைன் சும்மா நின்றால், நிற்கும் இயந்திரத்தின் தேய்மானமும் ஓடுகிற லைனின் தலையில் விழும். உண்மையிலும் ஏறக்குறைய இந்தப் பாதையில்தான் போனது. 2021-ன் உச்சத்தில் ஆயிரம் நைட்ரைல் கையுறை 100 டாலரைத் தாண்டியது, அப்புறம் 20 பக்கம் வந்து நின்றது.

நெஸ்லேயிடம் இது நடக்காததற்குக் காரணம், பக்கத்தில் ஒருவர் புதிதாக ஆலை போட்டால் மைலோ விலை ஐந்தில் ஒன்றாகிவிடாது. தெனாகாவிடம் நடக்காததற்குக் காரணம், தீபகற்பத்தில் மின்கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் சில வருடங்களுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. முதலீட்டுக்கு இவ்வளவு வருமானம் என்று அதிலேயே கணக்கு இருக்கிறது. அங்கேயும் சிக்கல் வரும். 2022-ல் நிலக்கரி விலை ஏறியபோது வரவேண்டிய பணம் மலையாகத் தேங்கியது. ஆனால் அது பணம் தாமதமாகிற சிக்கல்.

இனி 2009. அந்த வருடம் எச்1என்1 வந்தது. அதோடு ரப்பர்ப் பால் விலையும் எண்ணெய் விலையும் இறங்கிச் செலவு குறைந்தது. அதனால் லாபம். நோய் அடங்கிப் பால் விலை ஏறியதும் 2011-ல் டாப் குளோவ் லாபம் 2010-ல் இருந்ததில் பாதிக்கும் கீழே. 2011-ல் நாடு மந்தமா? 5 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. நாடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கையுறை கேட்பதே இல்லை. அதற்கு அதன் சொந்தச் சுழற்சி இருக்கிறது.

பாயான்_பாரு_முத்து

நாடு எப்படிப் போனாலும் அதற்குக் கவலையில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதுதானே நான் சொன்னது! பொருளாதாரத்தோடு விழாதது டிஃபென்சிவ். இரண்டு மந்தம், இரண்டு ஏற்றம்.

பிரிக்பீல்ட்ஸ்_வசந்தா

இல்லை. பொருளாதாரத்தோடு சேர்ந்து போகாதது வேறு, பொருளாதாரம் விழும்போது உங்கள் காசைக் காப்பது வேறு. அடுத்த மந்தம் நோயோடு வருமா என்று யாருக்குத் தெரியும்? நோய் வராமல் ஏற்றுமதி மட்டும் படுத்தால், அந்த நேரத்தில் கையுறையில் கூடுதல் லைன்கள் குவிந்திருந்தால், இரண்டு பக்கமும் அடி.

செந்தூல்_குமரன்

இரண்டு மந்தம், இரண்டு தொற்றுநோய். அதை எழுத மாட்டீர்கள், அண்ணே.

பாயான்_பாரு_முத்து

அப்படியென்றால் உங்கள் நெஸ்லேயைப் பார்ப்போம். 2023-ல் லாபம் 660 மில்லியன், 2024-ல் 420-க்கும் கீழே. அந்த வருடம் நாடு நன்றாக வளர்ந்தது. 2020-ல் 140-க்கு மேல் விற்ற பங்கு 2024 முடிவில் 100 பக்கம். இதற்கு என்ன பெயர், வசந்தாம்மா?

பிரிக்பீல்ட்ஸ்_வசந்தா

விலை அதிகம் கொடுத்து வாங்கியதற்குக் கிடைத்த பலன். 2019-ல் அது ஒரு பங்குக்கு 2 வெள்ளி 90 காசுக்குச் சற்றுக் குறைவாகச் சம்பாதித்தது. அதை 147 வெள்ளி கொடுத்து வாங்கினால் ஐம்பது வருடச் சம்பாத்தியத்தை முன்பணமாகக் கொடுக்கிறீர்கள். பயந்த கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் பாதுகாப்பைத் தேடி ஓடினால் பாதுகாப்பின் விலையும் ஏறும். மந்தத்தில் வியாபாரம் தாங்கும் என்பதுதான் டிஃபென்சிவ், எந்த விலைக்கு வாங்கினாலும் காசு தாங்கும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. 2024-ல் புறக்கணிப்பு அடித்தது, கொக்கோவும் காப்பியும் விலை ஏறின. லாபம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது உண்மை. ஆனாலும் 400 மில்லியனுக்கு மேல் லாபம். அந்த மோசமான வருடத்தையும் கையுறையின் 900 மில்லியன் நட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பாயான்_பாரு_முத்து

ஆக நெஸ்லே விழுந்தால் அது விலையின் குற்றம், கையுறை விழுந்தால் கையுறையின் குற்றம். நல்ல நியாயம். ட்ரம்ப் சீனக் கையுறைக்கு வரி போட்டிருக்கிறார், இனி நம் ஆலைகள் நிரம்பும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்_குமரன்

அந்த வரியை 2024-ல் அறிவித்தது பைடன் அரசாங்கம். மருத்துவக் கையுறைக்கு 2025-ல் 50 விழுக்காடு, 2026-ல் 100. ஆளையே மாற்றிச் சொல்கிறீர்கள்.

பாயான்_பாரு_முத்து

யார் போட்டால் என்ன, வரி வரிதானே. வரி வந்தால் நமக்கு ஆர்டர்.

பிரிக்பீல்ட்ஸ்_வசந்தா

அமெரிக்காவில் விற்க முடியாத சீனச் சரக்கு கடலில் கொட்டப்படாது. ஐரோப்பாவுக்குப் போகும், அங்கே நம்மவர்களின் விலையை இறக்கும். முழு நன்மையும் நமக்கே என்று கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, வரியைக் காட்டி வாங்கச் சொல்கிறீர்கள் என்றால் நீங்களே சுழற்சியைத்தான் பந்தயம் கட்டுகிறீர்கள். டிஃபென்சிவ் பங்கை வாங்குகிறவர் வாஷிங்டன் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

மணி, நீங்கள் கேட்டதற்கு: மந்தம் வந்தால் ஏறுமா என்று பார்க்காதீர்கள். கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் ஆலை எத்தனை விழுக்காடு ஓடுகிறது, சராசரி விற்பனை விலை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறாமல் பங்கு மட்டும் ஏறினால் அது செய்தியில் ஏறிய விலை.

ஜெலுத்தோங்_மணி

அக்கா, அதெல்லாம் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. விற்பதா, வைப்பதா?

பாயான்_பாரு_முத்து

வை தம்பி. அடுத்த மந்தத்தில் பார். 2009, 2020.

செந்தூல்_குமரன்

அவர் இழந்த காசுக்குப் பொறுப்பேற்காமல் “வை” என்று சொல்ல உங்களால் எப்படி முடிகிறது? நட்டம் 900 மில்லியன், அண்ணே. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பாயான்_பாரு_முத்து

அது மந்தத்தில் வந்த நட்டம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.