புதுப்பிப்பு: ஏற்காடு காட்டேஜ் வேலை, பாதியில் எடுக்கும் லாபம்

என் கேள்வி: "80 லட்சம் ஒப்பந்தம், வேலை முடியவில்லை. ஒவ்வொரு பில்லிலும் பிடித்த 10% ரிட்டென்ஷன் நிற்கிறது. மார்ச் கணக்கில் லாபம் எவ்வளவு எடுக்கலாம்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கணக்கு முடிந்தது.

முடிந்த வேலைக்கு இன்ஜினியர் சான்றளித்தது 48 லட்சம், கைக்கு வந்தது 43.2 லட்சம். ரிட்டென்ஷன் 4.8 லட்சத்தை லாபத்திலிருந்து அப்படியே கழிக்கச் சொன்ன தம்பி பாதி சரி. எச்சரிக்கை தேவைதான், ஆனால் அது நஷ்டம் இல்லை, வர வேண்டிய பணம். பலித்தது ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் ஐயா சொன்ன வழி. சான்றளித்த 48, சான்றாகாத வேலையின் அடக்கம் 2, இரண்டும் சேர்ந்த 50-இல் செலவு 43 போக 7 லட்சம். பாதிக்கு மேல் வேலை முடிந்ததால் அதில் மூன்றில் இரண்டு, அதையும் வந்த பணத்தின் விகிதமான 90%-ஆல் பெருக்கினால் 4.2 லட்சம். மீதி 2.8 ரிசர்வ்.

எதிர்பாராதது: செலவு முதலில் 45 லட்சமாக நின்றது. சேலத்திலிருந்து மலையேற்றிய கம்பியும் சிமெண்டும் லாரி வாடகையோடு 2 லட்சத்துக்கு சைட்டில் கிடந்தன. அதைக் கழித்த பிறகே 43.

டிடிஎஸ் பற்றிக் கேட்ட அண்ணன், உங்களுடையது வேறு விஷயம், அது வரிக் கணக்கு. வருமான வரிக்கு இந்த மூன்றில் இரண்டு செல்லாது, வேலை முடிந்த சதவீதப்படிதான் என்கிறார் ஆடிட்டர். அதற்கான மீதிச் செலவு மதிப்பீடு இன்னும் தயாராகவில்லை.