‘பெல்டேட்’ இலைக்கு ஒரு தமிழ்ச் சொல்

காரிமங்கலத்திலிருந்து:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீர்ச்செடிக் கையேடு ஒன்று எழுதுகிறேன், ஒரு சொல்லில் நின்றுவிட்டது. முதல் படம் எங்கள் ஏரித் தாமரை. இலையில் வெட்டே இல்லை, முழு வட்டம். திருப்பிப் பார்த்தால் காம்பு நட்டநடுவில் சேர்கிறது. இரண்டாவது படம் அல்லி. விளிம்பிலிருந்து காம்பை நோக்கி ஒரு பிளவு ஓடுகிறது. முதல் வகையைப் ‘பெல்டேட்’ என்கிறார்கள். ‘நடுக்காம்பிலை’ என்று போடலாமா?

ஓசூரிலிருந்து:
மூலச்சொல்லுக்குக் கேடயம் என்று பொருள். ‘கேடய இலை’ என்றே வைத்துவிடலாம். பிளவு இருந்தால் பெல்டேட் இல்லை, அவ்வளவுதான்.

பாலக்கோட்டிலிருந்து:
அவ்வளவுதான் இல்லை, தம்பி. வீட்டுப் பக்கத்து ஆமணக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள். விரல் விரலாகப் பிரிந்திருக்கும், ஆனால் காம்பு விளிம்பில் சேராமல் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சேரும். அதுவும் பெல்டேட்தான். சில அல்லிகளிலும் பிளவு காம்பைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிடும். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினால் அந்தச் சிறு பட்டை தெரிகிறது. ஆக, பொதுச் சொல்லாக ‘உட்காம்பிலை’ வைக்கலாம். ‘நடுக்காம்பிலை’யைத் தாமரை போன்றவற்றுக்கு மட்டும் ஒதுக்கலாம்.

இலை நீருக்கு மேலே நிற்பதை அடையாளமாக எழுதிவிடாதீர்கள். தாமரையின் இளம் இலைகள் மிதக்கும். பூப்படம் போட்டால் நடுவைக் காட்டுங்கள்: தாமரையில் தலைகீழ்க் கூம்பு மாதிரி மஞ்சள் பொகுட்டு இருக்கும், அல்லியில் இருக்காது.

ஊத்தங்கரையிலிருந்து:
சமையல் பற்றித்தானே பேசுகிறீர்கள்? போன மாதம் தாமரைத் தண்டு என்று ஏரியில் இலைக்காம்பைப் பறித்து வந்தேன். ஒரே முள், கை கீறிவிட்டது. வேகவைத்தும் நார்தான் மிஞ்சியது. கடை வற்றலில் வட்டமாக ஓட்டைகள் இருக்குமே, அது எங்கே கிடைக்கும்?

பாலக்கோட்டிலிருந்து:
அது சேற்றுக்குள் ஓடும் கிழங்கு, அம்மா. பேச்சில்தான் தண்டு. குறுக்கே நறுக்கினால் அந்த ஓட்டைகள் வரும். தோல் சீவிச் சமைக்கும் பூத்தண்டு அல்லியுடையது. அல்லியில் கிழங்கும் விதையும்கூட உண்டு. தாமரையிலும் விதை உண்பார்கள், உள்ளே இருக்கும் பச்சைக் குருத்து கசக்கும், எடுத்துவிட வேண்டும். பொரித்த வெள்ளை உருண்டையைத் ‘தாமரை விதை’ என்று விற்கிறார்களே, அந்த மக்கானா வேறு செடி. இலையெல்லாம் முள்; அல்லிக் குடும்பம்.

ஓசூரிலிருந்து:
ஆமணக்கை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் ‘உட்காம்பிலை’ என்றால் காம்பு இலைக்குள் புதைந்திருக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கேடயம் என்றால் படமே மனதில் வரும்.

காரிமங்கலத்திலிருந்து:
எங்கள் பிள்ளைகள் கேடயத்தைப் பரிசளிப்பு விழாவில்தான் பார்த்திருக்கிறார்கள், அதற்குக் காம்பு ஏது! இப்போதைக்கு ‘உட்காம்பிலை’ என்றே அச்சுக்குத் தருகிறேன். பக்கத்திலேயே ஆமணக்கு இலையின் அடிப்பக்கப் படமும் வரும். சேம்பு இலை எதில் சேரும்? அதிலும் பெரிய பிளவு இருக்கிறதே.