என்டி-ப்ரோபிஎன்பி 108: இதயம் சரி என்று நம்பலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது, 91 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர். ஒரு மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பின்னேரம் கால் வீங்குகிறது, இரவில் இரண்டு தலையணை வேண்டும். இரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி 108 வந்தது. 125-க்குக் கீழே என்பதால் இதயத்தில் பிரச்சினை இல்லை என்றார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. உடல் பருமன் இந்த அளவைக் குறைத்துக் காட்டும். பிஎம்ஐ 35 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு எல்லையை 30 சதவீதம் இறக்கிப் பார்க்கச் சொல்லும் ஐரோப்பிய நிபுணர் பரிந்துரை உண்டு. அம்மாவின் பிஎம்ஐ 37. அப்படிப் பார்த்தால் எல்லை ஏறக்குறைய 88, அம்மா அதைத் தாண்டிவிட்டார். போதாததற்கு, இரத்தம் எடுக்குமுன் ஒரு கிழமை ஃப்ரூசமைட் குடித்தவர். அதுவும் அளவை இறக்கும்.

வயது ஓரளவு கூட்டும்தான். ஆனால் அதிகம் கூட்டக்கூடிய சிறுநீரகக் கோளாறோ ஒழுங்கற்ற இதயத் துடிப்போ அம்மாவுக்கு இல்லை. கிரியேட்டினின், ஈசிஜி இரண்டும் சரி.

இங்குள்ள டொக்டர்மார், தாதியர் யாராவது சொல்லுங்கள்: இந்த நிலையில் எக்கோ கேட்பது சரிதானே? மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இந்தக் கிழமைக்குள் எங்கே எடுக்கலாம்?