பக்கவாட்டு ஓட்டத்தில் 90-க்கும் 135-க்கும் இடையே வரும் துள்ளல்

கதிர்: அன்ரியல் 5-இல், எதிரியை நோக்கியபடியே எல்லாத் திசைகளிலும் ஓடும் ஒரு பாத்திரத்துக்கு இரு அச்சுப் பிளெண்ட் ஸ்பேஸ் அமைத்திருக்கிறேன். Direction −180 முதல் 180 வரை, Speed 0 முதல் 400 வரை. 45 பாகைக்கு ஒரு கிளிப். W, D இரண்டையும் அழுத்தும்போது ஓட்டம் சீராக இருக்கிறது. ஆனால் D-யுடன் S-ஐயும் சேர்த்தால், 90-க்கும் 135-க்கும் இடையில் முழங்கால்கள் ஒன்றையொன்று ஊடுருவி, இடுப்பு வெடுக்கென்று திரும்புகிறது. இதைச் சந்தித்தவர்கள் பகிருங்கள்.

நிலா: எனக்கும் நேர்ந்தது. Direction அச்சின் Smoothing Time மதிப்பை 0.3 ஆக்கியதும் துள்ளல் நின்றுவிட்டது.

பிரபா: என் பாத்திரம் S, A-விலிருந்து S, D-க்கு மாறும்போது ஒரு கணம் முன்னோக்கி ஓடிவிட்டுத் திரும்பியது. Wrap Input-ஐ இயக்கியதும் சரியாயிற்று. உங்களுக்கும் அதுதான் தேவை.

செல்வி: பிரபா சொல்வது வேறு கோளாறு. −135-இலிருந்து 135-க்குப் போகும் மதிப்பை Smoothing மெல்ல நகர்த்தும்போது, அது 0 வழியாகச் செல்கிறது. Wrap Input அதை 180 வழியாகத் திருப்பிவிடுகிறது. நிலாவின் வழியில் வெட்டு மென்மையாகும் என்பது உண்மை. ஆனால் தவறான தோரணை அதிக நேரம் திரையில் நிற்கும்.

கதிர், இரண்டு கிளிப்புகளையும் அருகருகே நிறுத்தி இடுப்பைப் பாருங்கள். எங்கள் திட்டத்தில் 90-இன் கிளிப்பில் இடுப்பு வலப்பக்கம் 40 பாகை திரும்பி முன்னோட்டம்போல் ஓடியது. 135-இல் அதே இடுப்பு இடப்பக்கம் 40 பாகை திரும்பிப் பின்வாங்கியது. பாதம் தரையில் படும் இடங்களில் எல்லாக் கிளிப்புகளிலும் ஒரே வரிசையில் ஒத்திசைவுக் குறிகளை வைத்தபோது கால்களின் தாளம் சேர்ந்தது. இடுப்புகளுக்கு இடையிலான 80 பாகை அப்படியே இருந்தது. எந்தக் கலவையும் அதை நிரப்பாது என்று உணர்ந்த பிறகே, முன்னிடுப்புக்கு ஒன்று, பின்னிடுப்புக்கு ஒன்று என இரண்டு பிளெண்ட் ஸ்பேஸ்களாகப் பிரித்து, பக்கவாட்டுக் கிளிப்பை இரண்டு வகையிலும் எடுத்தோம்.

```
bBack = abs(Direction) > (bBack ? 70 : 110);
```

முன்னிலிருந்து பின்னுக்கு 110-ஐத் தாண்டினால்தான் மாறும். திரும்பி வர 70-க்குக் கீழே இறங்க வேண்டும். ஒரே எல்லையாக 90 இருந்தால், அனலாக் ஸ்டிக் சற்று நடுங்கினாலும் பாத்திரம் இங்குமங்கும் புரளும். மாற்றத்துக்கு 0.2 விநாடி இனர்ஷியலைசேஷன் கொடுத்தோம்.

கதிர்: பிரித்துப் பார்த்தேன்; இடுப்பு இப்போது வெட்டுவதில்லை. ஆனால் கால்கள் குறுக்காக இருக்கும் நொடியில் மாற்றம் நேர்ந்தால், பாதம் இன்னும் வழுக்குகிறது.

செல்வி: பாதம் ஊன்றும் குறி வரும்வரை மாற்றத்தை நிறுத்திவைத்துப் பார்த்தோம். வழுக்கல் போனது, ஆனால் வேகமாகத் திசை மாற்றி விளையாடுவோர் பாத்திரம் தாமதிப்பதாகச் சொன்னார்கள். மெதுநடையில் மட்டும் அதை வைத்திருக்கிறோம். 400 வேகத்துக்கு நல்ல வழி எங்களிடமும் இல்லை.