பொருள்: மாதந்தோறும் மாறும் சேமிப்புத் தொகைக்கு என்ன பெயர்?

மலர்விழி:
வணக்கம். வீட்டு வரவுசெலவுக்கான விரிதாள் ஒன்றைத் தமிழில் அமைத்து வருகிறேன். ‘வகை’, ‘வகைக் கூட்டல்’, ‘மீதி’ எல்லாம் தொல்லையின்றி அமைந்துவிட்டன. ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் தலைப்பு சிக்கவில்லை. ஓராண்டில் 60,000 சேர்க்க வேண்டும் என்றால் அந்தக் கட்டம் முதலில் 5,000 என்று காட்டும். முதல் மாதம் 5,000, இரண்டாம் மாதம் 3,000 மட்டும் சேர்ந்திருந்தால், மூன்றாம் மாதம் தானாகவே 5,200 ஆகிவிடும். இதை எப்படி அழைப்பது?

பிரபு:
‘தன்னியக்க இலக்கு’ போதுமே! ஆனால் உங்கள் கணக்கு உதைக்கிறது. 2,000 குறைந்தால் அடுத்த மாதம் 7,000 அல்லவா வர வேண்டும்?

வேலாயுதம்:
பிரபு சொல்லும் 7,000 பிழையன்று, வேறு முறை. குறைந்ததை அப்படியே அடுத்த மாதத்தின் தலையில் வைப்பது அது. மலர்விழி அம்மா செய்திருப்பது மீதி 52,000ஐ மிச்சமுள்ள பத்து மாதங்களுக்கும் பரப்புவது. ஆக, தேவை ஒரு சொல் அன்று, இரண்டு.

‘தன்னியக்க இலக்கு’ எனக்கு ஒப்பவில்லை. இலக்கு 60,000, அது அசையவே இல்லை. அசைவது மாதத்துக்கான கூறுதான். ‘மாறுதவணை’ என்று வைத்துப் பார்க்கலாம். வினைத்தொகை என்பதால் நேற்று மாறியது, இன்று மாறுவது, நாளை மாறப்போவது மூன்றும் அதில் அடங்கும். ‘ஓடுதளம்’, ‘இயங்குதளம்’ போல நடுவில் ‘த்’ வராது.

ரஹீமா:
என் தாளில் இந்த இடத்தில் Err:522 என்று வருகிறது. சேமிப்பையும் ஒரு செலவு வகையாகச் சேர்த்து, அதன் தொகையை இந்தக் கட்டத்திலிருந்தே எடுக்கிறேன். பெயரை மாற்றினால் சரியாகுமா?

வேலாயுதம்:
ஆகாது, ரஹீமா. கட்டம் சேமிப்பைப் பார்க்கிறது, சேமிப்பு கட்டத்தைப் பார்க்கிறது. கணக்கு தன்னையே சுற்றி வருகிறது. லிப்ரே ஆபீஸ் அதைத்தான் அந்த எண்ணால் சொல்கிறது. இம்மாதத் தொகை போன மாதம்வரை சேர்ந்ததை மட்டுமே பார்க்க வேண்டும். இலக்கு H1, போன மாதம்வரை சேர்ந்தது H2, இம்மாதத்தையும் சேர்த்து மிச்ச மாதங்கள் H3 என்றால்:

```
=MAX(0,(H1-H2)/MAX(1,H3))
```

உள்ளே இருக்கும் MAX இல்லாவிட்டால், ஆண்டு முடிந்து H3 சுழியமானதும் #DIV/0! வந்து நிற்கும்.

மலர்விழி:
ஐயா, உங்கள் சொல் பிடித்திருக்கிறது. இதற்கிடையே என் தாள் என்னையே ஏமாற்றியதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதம் ‘மருந்து’ வகையில் 1,800 எழுதினேன். சொல்லின் இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டது; கண்ணுக்குத் தெரியவில்லை. SUMIFS அதை வேறு வகையாக எண்ணிக் கூட்டலில் விட்டுவிட்டது. வரவிலிருந்து வகைக் கூட்டல்களைக் கழித்து மீதியை எடுப்பதால், 3,400 சேர்ந்த மாதத்தில் 5,200 சேர்ந்ததாகக் காட்டியது. நான்காம் மாதம் 5,400 கேட்டிருக்க வேண்டிய கட்டம் 5,200 என்று அமைதியாக இருந்தது. இந்தப் பிழை எப்போதும் நமக்கு இனிப்பான பக்கமே சாய்கிறது. அதனால்தான் யாரும் தேடுவதில்லை. இப்போது ஓரத்தில் இதை வைத்திருக்கிறேன்:

```
=SUM(C2:C400)-SUM(F2:F9)
```

C எல்லாச் செலவும், F வகைக் கூட்டல்கள். விடை சுழியமாக இல்லையென்றால் ஏதோ ஒரு செலவு வகைகளுக்கு வெளியே நிற்கிறது. வகையைத் தட்டச்சிடாமல் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படியும் மாற்றிவிட்டேன்.

ரஹீமா:
சுற்று போய்விட்டது, நன்றி. ஆனால் ‘தவணை’ என்றதும் எனக்குக் கடன்காரர்தான் நினைவுக்கு வருகிறார். நம் பணத்தை நமக்கே எடுத்துவைப்பதற்கு அந்தச் சொல்லா? ‘மாறுபங்கு’ என்றால் என்ன?

பிரபு:
‘பங்கு’ என்றால் பங்குச் சந்தை என்று நினைத்துவிடுவார்கள். என் 7,000 முறைக்கு ‘ஏறுதவணை’ எனலாமா?

வேலாயுதம்:
கூடுதலாகச் சேர்த்த மறுமாதம் அந்தத் தொகை இறங்கவும் செய்யுமே, தம்பி. ‘ஏறு’ பாதி உண்மைதான் சொல்கிறது. ரஹீமாவின் கடன்காரருக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.

மலர்விழி:
தாளின் தலைப்பில் ‘இம்மாதம் சேர்க்க வேண்டியது’ என்றே எழுதிவிட்டேன். முதல்முறை திறப்பவருக்கு அது போதும். உதவிப் பக்கத்தில் ‘மாறுதவணை’ இப்போதைக்கு இருக்கட்டும். பிரபுவின் முறைக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.